ஆபீஸுக்கு லெட்டர்: தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் யாரை எப்படி அழைக்கணும்?

பேங்க் பாஸ்புக்ல பேர் தப்பா அச்சாகியிருக்கு, மல்லிகாங்கிறது மாலிகான்னு வந்திருக்கு, மேனேஜருக்கு ஒரு லெட்டர் குடுக்கணும்னு வைங்க. இந்த ஒரே லெட்டரை தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதிப் பார்த்தா மரியாதையை ரெண்டு மொழியும் எவ்வளவு வேற வேற இடத்துல வைக்குதுன்னு தெரிஞ்சிடும். இங்கிலீஷ்ல அது பெரும்பாலும் ஆரம்பத்துல அழைக்கிற வரியிலயும் கடைசி வரியிலயும் இருக்கும், நடுவுல "யூ"ன்னு ஒரே சொல்தான், கலெக்டருக்கும் அதுதான் கடைக்காரருக்கும் அதுதான். தமிழ்ல முகவரியில தொடங்கி ஒவ்வொரு வினைச்சொல்லோட விகுதி வரைக்கும் பரவிக் கிடக்கும், அதனால ஒரு இடத்துல விட்டாலும் படிக்கிறவங்க கண்ணுல உறுத்தும்.

முதல்ல: பேருக்கா, பதவிக்கா?

பேனாவை எடுக்கிறதுக்கு முன்னாடி இதை முடிவு பண்ணிடுங்க. மேனேஜர் ஆணா பெண்ணா, பேர் என்னன்னு தெரியலைன்னா பதவிக்கே எழுதுங்க: "கிளை மேலாளர் அவர்கள்". இதுதான் பாதுகாப்பான வழி, ஏன்னா அந்த அதிகாரி மாறுதல்ல போயிட்டாலும் லெட்டர் செல்லும்.

பேர் தெரிஞ்சா "திரு. க. முருகேசன் அவர்கள்". முன்னாடி திரு, பின்னாடி அவர்கள், ரெண்டும் சேர்ந்து வரும். பெண்ணா இருந்தா திருமதியா செல்வியாங்கிற கேள்வி வந்துடும். இங்கிலீஷ்ல "மிஸ்"ஸோட கடைசி ஒலியை "இசட்" எழுத்தோட ஒலியா மாத்திச் சொல்ற வடிவம் இருக்கு, எம்மும் எஸ்ஸும் மட்டும் போட்டு எழுதுவாங்க, கல்யாணம் ஆச்சா இல்லையான்னு அது காட்டாது. தமிழ்ல அந்த இடத்துக்கு சில அமைப்புகள் "திருமிகு"ன்னு ஆண் பெண் ரெண்டு பேருக்கும் எழுதுறாங்க, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், ஆனா எல்லா ஆபீஸ்லயும் இன்னும் பழக்கத்துக்கு வரலை. சந்தேகமா இருந்தா பதவியை மட்டும் எழுதிட்டுப் போயிடலாம்.

பதவி பெருசானா அடைமொழியும் மாறும். மாவட்ட ஆட்சியருக்கு "உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்"னு எழுதுவாங்க, அமைச்சருக்கு "மாண்புமிகு". இங்கிலீஷ்ல "ஆனரபிள்" முகவரியில வரும், அதைத் தூக்கி "டியர்"க்குப் பக்கத்துல வைக்கிறதில்லை, "டியர் மினிஸ்டர்"னாலே போதும்.

அனுப்புநர்ல உங்க பேருக்கு முன்னாடி நீங்களே திரு போட்டுக்காதீங்க. "க. மல்லிகா", அவ்ளோதான். இது இங்கிலீஷ்லயும் அப்படித்தான், கையெழுத்துக்கு முன்னாடி "மிஸ்டர்" வராது.

அடுத்து: அழைக்கிற வரி

தமிழ்ல "ஐயா," அல்லது "மதிப்பிற்குரிய ஐயா,". பெண் அதிகாரிக்கு "அம்மையீர்,", தெரியலைன்னா "ஐயா / அம்மையீர்,". இங்க பேரைச் சேர்க்க வேண்டாம். "மதிப்பிற்குரிய முருகேசன்,"னு எழுதினா, முன்னாடி எவ்வளவு பெரிய அடைமொழி இருந்தாலும் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரிதான் இருக்கும்.

இங்கிலீஷ்ல இது அப்படியே தலைகீழ். பேர் தெரிஞ்சா பேரைச் சொல்லித்தான் அழைக்கணும், "டியர் மிஸ்டர் முருகேசன்". பேர் தெரிஞ்சும் "டியர் சர்"னு போட்டா பேரைத் தேடக்கூட இல்லையோன்னு ஒரு ஒட்டாத தன்மை வரும். நம்ம ஊர்ல பெரும்பாலும் இனிஷியல் அப்பா பேர்தான், அதனால முருகேசன்னு இருக்கிற சொந்தப் பேரையே போடலாம். ஆனா ஜான் ஸ்மித்னு ஒருத்தருக்கு எழுதும்போது "மிஸ்டர் ஸ்மித்"தான், "மிஸ்டர் ஜான்" இல்லை.

"ரெஸ்பெக்டட் சர்" பத்தியும் சொல்லிடறேன். மதிப்பிற்குரிய ஐயாங்கிறதோட இங்கிலீஷ் வடிவம் மாதிரி நம்ம ஊர் ஆபீஸ்கள்ல சகஜமா ஓடுது, யாரும் குறை சொல்ல மாட்டாங்க. லண்டன் கம்பெனிக்கோ அமெரிக்கா யூனிவர்சிட்டிக்கோ எழுதினா விட்டுடுங்க, அங்க "டியர்"தான் வழக்கம். அதே மாதிரி அந்த "டியர்"ஐ தமிழுக்குக் கொண்டுவந்து "அன்புள்ள மேலாளர் அவர்களுக்கு"ன்னும் எழுதாதீங்க, ஆபீஸ் லெட்டர்ல அது வீட்டுக் கடுதாசி மாதிரி ஆயிடும்.

நடுப்பகுதி: இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க

முதல்ல முழு லெட்டரையும் பாருங்க.

> அனுப்புநர்
> க. மல்லிகா,
> (முகவரி)
>
> பெறுநர்
> கிளை மேலாளர் அவர்கள்,
> (வங்கி, கிளை)
>
> மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,
>
> பொருள்: கணக்குப் புத்தகத்தில் பெயரைத் திருத்தித் தரக் கோருதல் – தொடர்பாக.
>
> வணக்கம். தங்கள் கிளையில் நான் சேமிப்புக் கணக்கு வைத்துள்ளேன். தாங்கள் வழங்கிய கணக்குப் புத்தகத்தில் என் பெயர் "மல்லிகா" என்பதற்குப் பதிலாக "மாலிகா" என்று அச்சாகியுள்ளது. ஆதார் அட்டையின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். பெயரைத் திருத்தித் தருமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.
>
> நன்றி.
>
> இப்படிக்கு,
> தங்கள் உண்மையுள்ள,
> (கையொப்பம்)
> க. மல்லிகா

"தாங்கள், தங்கள், தங்களை"ன்னு ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் அதையே பிடிச்சுக்கோங்க. "நீங்கள், உங்கள்" மரியாதைக் குறைவு இல்லை, அதுலயும் எழுதலாம், ஆனா முதல் வரியில தங்கள், மூணாவது வரியில உங்கள்னு கலந்தா பழைய லெட்டர்ல இருந்து வெட்டி ஒட்டின மாதிரி தெரியும். வினையும் சேர்ந்தே வரணும்: "தாங்கள் கூறினீர்கள்". "கூறினீங்க"ன்னு பேச்சுல வர்றதை எழுத்துல விடக்கூடாது.

வேற ஒருத்தரைப் பத்தி எழுதும்போதும் கவனிங்க. "கவுண்ட்டரில் இருந்த அலுவலர் கூறினார்"னு "ஆர்" விகுதி போதும். "அலுவலர் அவர்கள்"னு எழுதிட்டீங்கன்னா "கூறினார்கள்"னு முடிக்கிறது நல்லா பொருந்தும். கோபத்துல புகார் எழுதும்போதுகூட "கூறினான்"னு இறங்கிடாதீங்க, அந்த ஒரு விகுதியிலயே உங்க புகாரோட எடை குறைஞ்சிடும். இங்கிலீஷ்ல இந்தத் தொல்லை கிடையாது, யாரா இருந்தாலும் "ஹீ செட்" இல்லைன்னா "ஷீ செட்", அவ்ளோதான்.

கேக்கிற வாக்கியத்துக்கு வருவோம். "திருத்துங்கள்"னு எழுதினா பேச்சுல மரியாதைதான், ஆனா காகிதத்துல ஆர்டர் போட்ட மாதிரி இருக்கும். அதான் "திருத்தித் தருமாறு". இங்கிலீஷ்ல இந்த வேலையை "குட்", "வுட்" செய்யுது: "ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் கரெக்ட் மை நேம்". "பணிவுடன்" சேர்க்கணும்னா ஒரு தடவை சேருங்க, வரிக்கு வரி போட்டா கெஞ்சுற மாதிரி ஆயிடும், பாஸ்புக்ல சரியான பேர் கேக்கிறது உங்க உரிமை. "ஹம்ப்ளி"யை இங்கிலீஷ்ல சுத்தமா விட்டுடலாம்.

முடிவு வரி

தமிழ்ல "இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள"ன்னு யாருக்கு வேணா போடலாம், மேல எப்படி அழைச்சீங்கங்கிறதைப் பொறுத்து அது மாறாது. "தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி" ஸ்கூல் லீவ் லெட்டரோட நிக்கட்டும், பேங்க்குக்கு நீங்க கீழ்ப்படிய வேண்டியதில்லை.

பிரிட்டிஷ் முறை இங்கிலீஷ்ல மேலயும் கீழயும் ஜோடியா வரும். "டியர் சர்"னோ "டியர் மேடம்"னோ தொடங்கினா "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி", பேரைச் சொல்லித் தொடங்கினா "யுவர்ஸ் சின்சியர்லி". முதல் சொல்லுக்கு மட்டும்தான் பெரிய எழுத்து. அமெரிக்கக்காரங்க இந்த ஜோடியைப் பாக்கிறதில்லை, பெரும்பாலும் "சின்சியர்லி"யோட முடிச்சிடுவாங்க.

எழுதி முடிச்சதும் தமிழ் லெட்டர்ல தங்கள், உங்கள் ரெண்டுல எது வருதோ அதுக்கு அடியில பென்சில்ல கோடு போட்டுப் பாருங்க, கலந்திருந்தா உடனே தெரியும். இங்கிலீஷ் லெட்டர்ல முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் சேர்த்துப் படிச்சு ஜோடி சரியா இருக்கான்னு பார்த்துட்டு கவர்ல போடுங்க.