தொட்டி மிதவைக்கு எந்தக் காந்தம்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த ஒரு சின்ன அமைப்பை நிறையப் பேர் வீட்டிலேயே செய்கிறார்கள். துளையிட்ட பிவிசி குழாய்க்குள் ஒரு மிதவை, அதன் தலையில் ஒரு காந்தம். குழாயின் உச்சியில், தண்ணீர் புகாத சிறு பெட்டிக்குள் நிமிர்ந்து நிற்கும் ரீட் சுவிட்ச். மிதவை மேலே வந்ததும் சுவிட்சின் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், ரிலே மோட்டாரை நிறுத்தும். காந்தம் வலுவிழந்தால் தகடுகள் ஒட்டாது, மோட்டார் நிற்காது, தொட்டி வழியும்.

நான் முதலில் செய்ததும் அப்படித்தான் வழிந்தது. 10 மி.மீ. அகலமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள நியோடிமியம் வில்லை வைத்திருந்தேன். சில மாதம் கழித்து மிதவையைப் பிரித்தால், வெள்ளிபோல் மின்னிய மேல்பூச்சு கொப்புளமாய்த் தூக்கியிருந்தது. நகத்தால் கீறியதும் உள்ளிருந்து சாம்பலும் பழுப்புமாகத் தூள் கொட்டியது.

நியோடிமியம் காந்தத்தில் பெரும்பங்கு இரும்பு. அதன் துகள்களுக்கு நடுவே நியோடிமியம் செறிந்த மெல்லிய படலம் ஓடுகிறது, ஈரம் முதலில் அரிப்பது அதைத்தான். அதனால் ஆணியைப் போல மேலே மட்டும் துருப்பிடிப்பதில்லை, உள்ளே பிளந்து உதிர்கிறது. நிக்கல் பூச்சு காப்பது அது முழுசாக இருக்கும் வரைதான். விளிம்பில் ஊசிமுனை அளவு பெயர்ந்தாலும் போதும், தண்ணீர் நுழைந்துவிடும். அந்தப் பெயர்ப்பை நாமே உண்டாக்குகிறோம்: இரண்டு வில்லைகளை விரலால் பிடித்து விட்டுவிட்டால் பாய்ந்து மோதிக்கொள்ளும், ஓரம் சில்லாகத் தெறிக்கும். நடுவே ஒரு மரத்துண்டு வைத்து, பக்கவாட்டில் நகர்த்திப் பிரிக்க வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இவற்றைச் சிதறவிடவே கூடாது. இரண்டை விழுங்கினால் குடல் சுவர்களை நடுவில் வைத்து நசுக்கி ஓட்டையாக்கிவிடும்.

கருப்பாக, சட்டிபோல் இருக்கும் ஃபெரைட் காந்தமும் உடையும். கீழே விழுந்தால் பீங்கான் மாதிரி இரண்டாகும். ஆனால் அது ஏற்கெனவே இரும்பின் ஆக்சைடு. துருப்பிடிக்க அதில் மிச்சம் இல்லை. மேல்பூச்சே இல்லாமல் தண்ணீரில் கிடக்கும். இரண்டில் எதையும் ட்ரில் போட்டுத் துளைக்க முயலாதீர்கள். பிளக்கும் என்பது ஒன்று, நியோடிமியத் தூள் தீப்பற்றும் என்பது இன்னொன்று. துளை வேண்டுமென்றால் வளையக் காந்தமாகவே வாங்குங்கள்.

அடுத்த தவறு, ஃபெரைட் வலு குறைந்தது, அதனால் உதவாது என்று ஒதுக்குவது. அதே அளவில் வைத்தால் மூன்றில் ஒரு பங்கு புலம்தான் தரும், உண்மைதான். சாதாரணத் தர நியோடிமியத்தில் அந்த 10×3 வில்லை, முகத்திலிருந்து 10 மி.மீ. தள்ளி ஏறக்குறைய 23 மில்லி டெஸ்லா தரும். அதே அளவு ஃபெரைட் 7 தான். ஆனால் 20 மி.மீ. அகலம், 5 மி.மீ. தடிமனுள்ள ஃபெரைட்டைக் கணக்கிட்டால் மறுபடி 23-ஐ ஒட்டியே வருகிறது! எடை சுமார் 8 கிராம், அந்தக் குட்டி வில்லையோ 2 கிராமுக்கும் குறைவு. மிதவையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் சரி. பொதுவான ரீட் சுவிட்சுக்குச் சில மில்லி டெஸ்லாவே போதும் என்பதால் இந்த வேலைக்கு ஃபெரைட் தாராளம். இடமே இல்லாத சின்னப் பொறிக்குத்தான் நியோடிமியம் அவசியம்.

அப்புறம் சூடு. தரப் பெயரில் எண்ணுக்குப் பின்னால் எழுத்து எதுவும் சேராத N35 போன்ற நியோடிமியத்துக்குப் பொதுவாக 80 டிகிரிதான் எல்லை. மெல்லிய வில்லை அதற்கும் முன்னாலேயே வலுவிழக்கலாம். M, H, SH என்று எழுத்து சேர்ந்தால் 100, 120, 150 வரை தாங்கும். தொட்டி வெயில் இந்த எல்லையை எட்டாது. ஆபத்து நம் மேசையில் இருக்கிறது: குளூ கன்னிலிருந்து வரும் பசை 150 டிகிரியைத் தாண்டும், சால்டரிங் அயர்ன் அதன் இரட்டிப்பு. இரண்டு பாகம் கலக்கும் எப்பாக்ஸியால் ஒட்டுங்கள். ஃபெரைட்டும் சூட்டில் தளரும், டிகிரிக்கு 0.2 சதவீதம், நியோடிமியத்தைவிட வேகமாகவே. ஆனால் 200 டிகிரியைத் தாண்டினாலும் ஆறியதும் பெரும்பாலும் பழைய வலு திரும்பும். எல்லை மீறிய நியோடிமியத்துக்கு அது திரும்பாது.

சந்தேகம் வந்தால் சோதிப்பது எளிது. வாங்கியதில் ஒரு வில்லையைத் தொடாமல் தனியே வையுங்கள். ஒரு காகிதக் கட்டின் மேல் காந்தம், கீழே ஒரு குண்டூசி. எத்தனை தாள் வரை ஊசி விழாமல் நிற்கிறது என்று இரண்டுக்கும் எண்ணுங்கள். ஒட்டிய வில்லை தெளிவாகப் பின்தங்கினால், மிதவையை மூடும் முன்பே மாற்றிவிடுங்கள்.