ஓலைப் பெட்டியைப் படம் எடுக்கும்போது செய்யும் தவறுகள்

அக்கா, எல்லாரும் போன வாரம் எடுத்த படத்தைப் போனில் திறந்து வையுங்கள். அந்தப் பனையோலைப் பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். கையில் இருப்பது வெளிர் நிறக் குருத்தோலை. படத்தில் இருப்பதோ மஞ்சள். தொட்டுப் பார்க்க வழியில்லாதவர் அதைப் பார்த்தால் பழைய சரக்கு என்றுதான் நினைப்பார்.

இந்த மஞ்சள் பல்பிலிருந்து வந்தது. பாதிப் பேர் ராத்திரி வேலை முடித்துவிட்டு எடுத்திருக்கிறீர்கள். மீதிப் பேர் பகலில் எடுத்தும் பல்பை அணைக்கவில்லை. அது இன்னும் மோசம். பெட்டியில் ஜன்னல் பக்கம் ஒரு நிறம், பல்பு பக்கம் வேறு நிறம். எந்த ஆப்பில் போட்டு மஞ்சளைக் குறைத்தாலும் ஜன்னல் பக்கம் நீலம் ஏறிவிடும். அதனால் விளக்கை அணைத்துவிட்டு எடுங்கள். பிளாஷும் வேண்டாம். அது நேராக அடித்தால் ஓலையின் வழவழப்பில் வெள்ளைத் திட்டு விழும், பின்னல் தட்டையாகிவிடும்.

சரி, முற்றத்து வெயிலில் வைக்கலாமா? வேண்டாம். நிழல் கறுப்பாக விழும். காலையில் வாசலுக்கு உள்ளே, நேர் வெயில் படாத இடத்தில் ஒரு ஸ்டூல் போடுங்கள். வெள்ளை சார்ட் பேப்பரின் மேல் முனையைச் சுவரில் ஒட்டி, கீழே வளைத்து ஸ்டூல்மேல் இறக்குங்கள். மடிக்காதீர்கள், மடித்தால் பெட்டிக்குப் பின்னால் கோடு தெரியும். வாசல் வெளிச்சம் பெட்டிக்குப் பக்கவாட்டில் வரட்டும். பின்னலின் மேடு பள்ளம் அப்போதுதான் தெரியும். மறுபக்கம் இருட்டாக இருந்தால் அங்கே ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள். பச்சைச் சுவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் இடத்தை மாற்றுங்கள், அந்தப் பச்சை ஓலையிலும் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது படம் எடுத்தால் வெள்ளைப் பேப்பர் சாம்பலாகத் தெரியும். பயப்படாதீர்கள். வெள்ளை நிறைய இருந்தால் கேமரா அதை அதிக வெளிச்சம் என்று எண்ணி இருட்டாக்கிவிடும். திரையில் பெட்டியைத் தொட்டால் பல போன்களில் சூரியன் படம் வரும். அதை மேலே இழுங்கள். பேப்பர் வெளுக்கும்வரை போதும். பின்னல் கோடு மறைய ஆரம்பித்தால் கூடிப்போயிற்று என்று அர்த்தம்.

இன்னொன்று, எல்லாரும் போனைப் பெட்டி மூக்கில் முட்டுகிற மாதிரி பிடிக்கிறீர்கள். அதனால்தான் வாய் அகலமாகவும் அடி சிறுத்தும் தெரிகிறது. நாலடி தள்ளி நின்று 2x வைத்து எடுங்கள். அடுக்களையில் கிடந்த போன் என்றால் முதலில் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள்.

வாட்ஸப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் இத்தனையும் சுருங்கிப்போகும்.

அந்தச் சிவப்பு விளிம்புப் பெட்டியைக் கொடுங்கள் அக்கா, வாசலில் வைத்து எடுத்துப் பார்ப்போம்.