கலப்பு வெளிச்சத்தில் எடுத்த படத்தின் நிறத்தைச் சரிசெய்வது எப்படி?

பகல் நேரத்தில் கூடத்தில் எடுத்த படம் ஒன்றை வைத்துக்கொள்வோம். தாத்தா வெள்ளை வேட்டியுடன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். படத்தின் இடப்பக்கம் சன்னல், வலப்பக்கச் சுவரில் மஞ்சள் பல்பு. முகத்தின் ஒரு பாதி நீலம் பாய்ந்தும் மறுபாதி மஞ்சள் பூசியதுபோலவும் வந்திருக்கிறது.

சன்னல் வழியே வரும் பகல் வெளிச்சத்தின் நிறம் ஏறக்குறைய 5500 கெல்வின். மஞ்சள் பல்பு 2700 கெல்வின். கேமராவோ எந்த வெளிச்சத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று முடிவுசெய்யும் வெண்சமநிலையை முழுப் படத்துக்கும் ஒன்றாகத்தான் வைக்கும். தானியங்கி அமைப்பு பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில், 4000 அளவில் போய் நின்றுவிடும். அதனால் இரண்டு பக்கமும் தவறாகிவிடுகின்றன. மென்பொருளில் இந்த எண்ணை மாற்றும் Temp ஸ்லைடரை எவ்வளவு நகர்த்தினாலும் ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் இன்னும் கெடும். ஆகவே முதலில் ஒரு வெளிச்சத்தை மட்டும் சரிசெய்து, மற்றதைத் தனியாகப் பிரித்துத் திருத்த வேண்டும்.

இங்கே Lightroom Classic மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். RAW கோப்பாக இருந்தால் நல்லது. JPEG படத்திலும் இதையே செய்யலாம், Temp எண் மட்டும் கெல்வினில் இல்லாமல் −100 முதல் 100 வரை இருக்கும். ஆனால் கேமரா ஏற்கெனவே நிறத்தை முடிவுசெய்து சுருக்கிவிட்டதால், அதிகம் இழுத்தால் தோல் திட்டுத்திட்டாகிவிடும். தொடங்கும் முன் கணினித் திரையின் இரவு ஒளி அமைப்பை அணைத்துவிடுங்கள். அது எரியும் திரையில் எந்த நிறத்தையும் நம்ப முடியாது.

முதல் படி: முகத்தில் எந்த வெளிச்சம் அதிகமாக விழுகிறது என்று பாருங்கள். நம் படத்தில் அது சன்னல் வெளிச்சம். W விசையை அழுத்தி, சொட்டுக்குழாய்க் கருவியை வேட்டியின் சன்னல் பக்க மடிப்பில் வையுங்கள். அப்போது தெரியும் R, G, B எண்கள் மூன்றும் 60 முதல் 85 வரை இருக்கும் இடமாகத் தேர்ந்து சொடுக்குங்கள். வெளுத்துப்போய் 100ஐத் தொட்ட இடத்தில் நிறத் தகவலே இருக்காது.

வேட்டியில் ஒரு சிக்கல் உண்டு. நீலம் போட்டு அலசிய துணி உண்மையில் இளநீலமாக இருக்கும். அதையே வெள்ளை என்று மென்பொருள் எடுத்துக்கொண்டால், படம் முழுவதும் லேசாக மஞ்சளாகிவிடும். அப்படித் தெரிந்தால் Temp எண்ணை 200 அல்லது 300 குறையுங்கள். எண் குறைந்தால் படம் நீலமாகும், கூடினால் மஞ்சளாகும். அந்த எண் படத்தின் நிறத்தைக் குறிப்பதல்ல. வெளிச்சம் இந்த நிறத்தில் இருந்தது என்று மென்பொருளுக்கு நாம் சொல்வது.

சொடுக்கிய பின் Temp 5600 அருகே வந்திருக்கும். இப்போது சன்னல் பக்கத்து முகம் இயல்பாகிவிடும். பல்பு பக்கம் முன்பைவிட அதிக மஞ்சளாகத் தெரியும். பயப்படாதீர்கள், அப்படித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது படி: Masking திறந்து Linear Gradient எடுங்கள். படத்தின் வலது ஓரத்திலிருந்து தாத்தாவின் தோள் வரை இழுங்கள். இந்த மறைப்புக்குள் Temp ஸ்லைடரில் கெல்வின் எண் இருக்காது. −100 முதல் 100 வரை இருக்கும். −35 வைத்துப் பாருங்கள். சுவர் இன்னும் தகதகத்தால் Temp ஸ்லைடரை மேலும் இழுக்காமல் Saturation அளவை −15 ஆக்குங்கள். Temp மட்டும் கொண்டு மஞ்சளை முழுதாக விரட்டினால் நிழல்களில் சாம்பல் கலந்த நீலம் எட்டிப்பார்க்கும். எரியும் பல்பைச் சுற்றிக் கொஞ்சம் மஞ்சள் இருக்கட்டும். பல்பு தெரியும் சுவர் பால் வெள்ளையாக இருந்தால் பார்ப்பவர் கண் ஏற்காது.

மூன்றாவது படி: முகத்தின் பல்பு பக்கக் கன்னம். இதற்கு Brush எடுத்து, Feather 100, Flow 30 என்று வைத்து மெல்லத் தடவுங்கள். Temp −15 போதும். மூக்கின் நடுக்கோட்டில் இரண்டு வெளிச்சமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கும். அதைக் கூர்மையாகப் பிரிக்க முடியாது. அங்கே தூரிகையின் ஓரம் மங்கலாகக் கரையும்படி விட்டுவிடுவதே நல்லது.

சரிபார்க்கக் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். சுட்டியைக் கன்னத்தில் வைத்து எண்களைப் பாருங்கள். மாநிறமோ கறுப்போ சிவப்போ, இயல்பான தோலில் R அதிகமாகவும் G அடுத்ததாகவும் B குறைவாகவும் இருக்கும். B எண் Gயைத் தொட்டுவிட்டால் நீலத்தை அதிகமாக்கிவிட்டீர்கள் என்று பொருள். R, B இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய G, Rஐ நெருங்கிவிட்டால் தோலில் பச்சை படிந்திருக்கிறது. Tint ஸ்லைடரை மெஜந்தா பக்கம் 5 முதல் 10 வரை நகர்த்துங்கள். டியூப் லைட்டின் கீழ் எடுத்த படங்களில் இது அடிக்கடி தேவைப்படும்.

டியூப் லைட் படங்களில் கிடைமட்டமாக நிறப் பட்டைகள் விழுந்திருந்தால், வெண்சமநிலையால் அவற்றைத் தீர்க்க முடியாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அவ்விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. ஷட்டர் வேகம் அதைவிட அதிகமானால் துடிப்பின் ஒரு பகுதி மட்டும் பதிவாகிறது. எடுக்கும்போதே வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்தால் பட்டைகள் வராது.