பழைய பி.எஃப் பணத்தைத் தேடறப்போ பண்ணக்கூடாத தப்புகள் (நான் பண்ணது உட்பட)

போன மாசம் எங்க தெருக்காரர் ஒருத்தர், வயசு 61, மூணு பழைய சம்பள சீட்டோட வீட்டுக்கு வந்தார். "எல்லாத்துக்கும் தனித்தனியா ஃபார்ம் போட்டு பணத்தை எடுத்துடலாம்ல சார்?"னு கேட்டார். எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு, ஏன்னா இதே வேலையைத்தான் நானும் பண்ணி ஏமாந்தேன். ஆதார்ல போன் நம்பர் மாத்துங்க, பேங்க் கணக்கு சரி பாருங்கங்கறதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுடறேன்.

நம்பர் இல்லைன்னு உக்காந்துடறது

எல்லா பி.எஃப் கணக்குக்கும் ஒரே நம்பரா இருக்கற யூஏஎன் வந்ததே 2014லதான். அதுக்கு முன்னாடி வேலையை விட்டவங்களுக்கு அது இருக்காது, அதனால ஆன்லைன்ல எவ்வளவு தேடினாலும் ஒண்ணும் வராது. தேட வேண்டியது பழைய பி.எஃப் நம்பர். சம்பள சீட்டு, வருஷா வருஷம் குடுத்த பி.எஃப் ஸ்லிப், இதுல எதுலயாவது இருக்கும். CB/CBEன்னு ஆரம்பிச்சா கோயம்புத்தூர், TN/MASனா சென்னை. அப்புறம் வர்ற நம்பர் கம்பெனியோடது, கடைசி நம்பர்தான் நம்மளது. கடைசி நம்பர் போயிருந்தாலும் கூட வேலை பார்த்தவர் சீட்டு ஒண்ணு கிடைச்சா கம்பெனி நம்பர் வந்துடும், அதையும் உங்க பேர், சேர்ந்த தேதி, விட்ட தேதியையும் எழுதி அந்த பி.எஃப் ஆபீஸ்ல குடுங்க, இல்லைனா epfigms.gov.in-ல புகாரா போடுங்க.

ஃபார்ம் 10சியில பணம்னு டிக் போடறது

இதை நினைச்சா இன்னும் வயிறு எரியுது.

பி.எஃப்ல ரெண்டு உண்டியல் இருக்கு. ஒண்ணு நம்ம பி.எஃப் பணம், ஃபார்ம் 19 போட்டு எடுக்கறது. இன்னொண்ணு 1995 நவம்பர்ல ஆரம்பிச்ச பென்ஷன் திட்டம். இதுல மொத்தம் 10 வருஷ சர்வீஸ் இருந்தா 58லேர்ந்து மாசா மாசம் பென்ஷன். ஒரே கம்பெனியில 10 வருஷம்னு இல்லை, நடுவுல இடைவெளி இருந்தாலும் பரவாயில்லை, எல்லாத்தையும் கூட்டிக்கலாம். ஆனா ஒரு வேலையோட பென்ஷன் பங்கை ஃபார்ம் 10சி போட்டு பணமா வாங்கிட்டீங்கன்னா அந்த வருஷங்கள் கணக்குலேர்ந்தே போயிடும்.

என் கதை இதுதான். ஒரு மில்லுல 4 வருஷம் 5 மாசம், அப்புறம் ஒரு பம்ப் கம்பெனியில 5 வருஷம் 10 மாசம். கூட்டினா 10 வருஷம் 3 மாசம். நான் கூட்டவே இல்லை. மில்லு கணக்கு முதல்ல கிடைச்சுது, அந்த சந்தோஷத்துல 19ம் 10சியும் சேர்த்து போட்டுட்டேன். அந்த 10சிலயே பணம் வேணுமா, சர்டிபிகேட் வேணுமான்னு ஒரு கேள்வி இருக்கு, சர்டிபிகேட்னா அந்த வருஷங்களை கணக்குல வெச்சிருக்கற காகிதம்னு அப்போ தெரியாம பணம்னு டிக் பண்ணேன். பென்ஷன் பங்கா கிட்டத்தட்ட நாலு மாச சம்பளம் வந்துச்சு, அன்னைக்கு பென்ஷன் கணக்குக்கு எடுத்துக்கற சம்பளத்தோட உச்சவரம்பு 6,500, அதனால 26,000 ரூபாய். ஃபிரிட்ஜ் வாங்கினோம். அடுத்து பம்ப் கம்பெனி கணக்கை எடுத்துட்டு போனா, மிச்சம் 10 வருஷம் இல்லை, பென்ஷன் கிடையாதுன்னுட்டாங்க. வாங்கினதை திருப்பிக் கட்டறேன்னேன், நடக்கலை.

எனக்கு வந்திருக்க வேண்டிய மாச பென்ஷன் கணக்கு பாருங்க. 6,500ஐ 10 வருஷத்தால பெருக்கி 70ஆல வகுத்தா 928 ரூபாய்தான், ஆனா 2014லேர்ந்து குறைஞ்சபட்ச பென்ஷனே மாசம் 1,000. ரெண்டு கணக்குலயும் பணமா எடுத்தா சுமார் 65,000, அதை பென்ஷன் அஞ்சரை வருஷத்துல தாண்டிடும், எனக்கு அப்புறம் வீட்டுக்காரிக்கும் வந்திருக்கும். ஆயிரம் ரூபாய் பெரிசான்னு என் பையன் கேக்கறான். மாத்திரை செலவுக்கு ஆகும்டா.

அதனால எல்லா பழைய கணக்கும் கையில வர்ற வரைக்கும் 10சி தொடாதீங்க. 19 போட்டு பி.எஃப் பணம் எடுத்தா சர்வீஸுக்கு ஒண்ணும் ஆகாது. எல்லா வருஷத்தையும் ஒரே காகிதத்துல எழுதி கூட்டுங்க, 10 வந்தா பென்ஷன் கேக்கற ஃபார்ம் 10டி, வரவே வராதுன்னா மட்டும் 10சி. தெருக்காரருக்கு கூட்டினோம், 11 வருஷம் வந்துச்சு.

இனிஷியல்

பழைய ரெஜிஸ்டர்ல வெறும் "எஸ்" இருக்கும், ஆதார்ல அப்பா பேர் முழுசா இருக்கும், பிறந்த தேதி வேற ஸ்கூல்ல குடுத்தது ஒண்ணு கம்பெனியில குடுத்தது ஒண்ணு. கிளெய்ம் திரும்பி வர்றது பாதி இதாலதான். முதல்ல ஜாயின்ட் டிக்ளரேஷன்ங்கற திருத்த விண்ணப்பம் போட்டு திருத்துங்க.

கம்பெனி மூடிட்டாங்களேன்னு விடறது

பணம் கம்பெனிகிட்ட இல்லை, பி.எஃப் ஆபீஸ்ல இருக்கு. முதலாளி கையெழுத்துக்கு பதில் பேங்க் மேனேஜரோ கெசட்டட் ஆபீசரோ போடலாம்.

அப்புறம் எடுத்துக்கலாம், வட்டி ஏறட்டும்

58க்கு மேல ஏறாது.

ஏஜென்ட்

வேண்டாம். கிளெய்முக்கு கட்டணமே கிடையாது.