ஸ்விங்கை ஸ்குவாட்டாகச் செய்தால் முதுகுதான் மாட்டிக்கொள்ளும்

சமூக மன்ற உடற்பயிற்சி வகுப்புகளில் ஒரு வழக்கமான வரிசை உண்டு. முதலில் கெட்டில்பெல் என்னும் கைப்பிடி வைத்த குண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்குவாட். மணி அடித்ததும் அதே குண்டைக் கையில் தொங்கவிட்டு, கால்களுக்கு நடுவே பின்னால் விட்டு முன்னால் வீசும் ஸ்விங். இடையில் மூச்சு வாங்கக்கூட நேரம் இருக்காது. உட்கார்ந்து எழுந்த கால்கள் அதே நினைப்பில் மறுபடியும் உட்கார்ந்து எழுகின்றன. பார்ப்பதற்கு ஸ்விங் மாதிரியேதான் இருக்கும். மறுநாள் காலையில் கீழ்முதுகு பிடித்திருக்கும்.

ஈசூனில் இருக்கும் என் மச்சான் இப்படித்தான் புலம்பினார். "பதினாறு கிலோ எனக்கு அதிகமா மச்சான்? பத்து தடவை போட்டாலே முதுகு கடுக்குது." எடையைப் பற்றிப் பேசுவதற்கு முன், பக்கவாட்டில் இருந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். முன்னால் இருந்து எடுத்தால் ஒன்றும் தெரியாது. போனை இடுப்பு உயரத்தில் ஒரு பெஞ்சில் சாய்த்து வைத்தாலே போதும்.

குண்டு மிகவும் கீழே வரும் நொடியில் வீடியோவை நிறுத்திப் பார்த்தேன். தொடை கிட்டத்தட்ட தரைக்கு இணையாக இருந்தது. முழங்கால் கால்விரலைத் தாண்டி முன்னால் போயிருந்தது. நெஞ்சு நிமிர்ந்திருந்தது. குண்டோ இரண்டு கெண்டைக்கால்களுக்கு நடுவே, முழங்காலுக்கும் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அது நல்ல ஸ்குவாட். ஸ்விங் இல்லை.

இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே என்றால், உடம்பு எந்தத் திசையில் போகிறது என்பதில். ஸ்குவாட்டில் உடம்பு கீழே இறங்கி மேலே ஏறுகிறது. முழங்காலும் இடுப்பு மூட்டும் சேர்ந்து நன்றாக மடங்குகின்றன. ஸ்விங்கில் பின்பக்கம் பின்னால் போய் முன்னால் வருகிறது. முழங்கால் லேசாக இளகும், அவ்வளவுதான். முழங்காலுக்குக் கீழே கால் ஏறக்குறைய செங்குத்தாகவே நிற்கும். இரண்டு கையிலும் மார்க்கெட் பை இருக்கும்போது பின்பக்கத்தால் கதவைத் தள்ளிச் சாத்துவோமே, அதே அசைவு. சரியாகச் செய்தால் பின்தொடை இழுபடுவது நன்றாகத் தெரியும். முன்தொடைதான் எரிகிறது என்றால் நீங்கள் உட்காருகிறீர்கள்.

சரி, உட்கார்ந்தால் கால்தானே வலிக்க வேண்டும், முதுகு ஏன்? குண்டு முழங்காலுக்குக் கீழே போய்விட்டதுதான் காரணம். வீசி இறங்கும் 16 கிலோ, அடியில் வரும்போது சும்மா தொங்கும் 16 கிலோவை விட அதிகமாக இழுக்கும். குண்டு கவட்டை ஒட்டி, தொடைகளுக்கு நடுவே உயரத்தில் பின்னால் போனால் அந்த இழுப்பைப் பிட்டமும் பின்தொடையும் வாங்கிக்கொள்ளும். தாழ்ந்துபோனால் இடுப்பு மூட்டுக்கும் குண்டுக்கும் தூரம் கூடி, தோள் கீழே இழுபட்டு, முதுகு வளைந்துகொடுக்கும். அதோடு முடிவதில்லை. நேராக எழுந்து நின்றால் குண்டு முன்னால் பறக்காது என்பதால் கையால் தூக்க வேண்டிவரும். கை ஓய்ந்ததும் உயரம் போதவில்லை என்று உச்சியில் பின்னால் சாய்வோம். மச்சான் இதையும் விட்டுவைக்கவில்லை. குனியும்போது வளைந்த அதே முதுகு, நிமிரும்போது எதிர்ப்பக்கம் வளைகிறது. உச்சியில் காது, தோள், இடுப்பு, கணுக்கால் எல்லாம் ஒரே கோட்டில் இருந்தால் போதும். பிட்டத்தை இறுக்கி, வயிற்றை யாரோ குத்த வருவதுபோல் கெட்டியாக்கி, சுருக்கென்று மூச்சை விட வேண்டும். குண்டு நெஞ்சு உயரம் வந்தாலும் சரி, தொப்புள் உயரத்தில் நின்றாலும் சரி.

குண்டை வைத்துவிட்டு முதலில் சுவரிடம் போகச் சொன்னேன். சுவருக்கு முதுகைக் காட்டி ஓர் அடி தள்ளி நின்று, பின்பக்கத்தால் மட்டும் சுவரைத் தொட வேண்டும். சுலபமாகத் தொட்டுவிட்டால் இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்கலாம். துடைப்பக் கழியை முதுகோடு பிடித்துக்கொண்டு செய்தால் இன்னும் நல்லது: பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு ஆகிய மூன்று இடமும் கழியை விட்டு விலகக் கூடாது. (துணி காயப்போடும் மூங்கில் வேண்டாம், மின்விசிறியில் போய் இடிக்கும்.) அப்புறம் அதே அசைவில் குண்டைத் தரையிலிருந்து தூக்கி நின்று திரும்ப வைப்பது. இது பிடிபட்ட பிறகே ஸ்விங், அதுவும் ஒவ்வொன்றாக. குண்டைப் பாதத்துக்கு ஓர் அடி முன்னால் வைத்து, பின்னால் இழுத்து, ஒரே ஒரு வீச்சு, மறுபடி தரையில் வைப்பது. ஐந்து முறை போதும்.

உட்காருவது நின்றது. ஆனால் அடுத்த வீடியோவில் புதிதாக ஒன்று வந்திருந்தது. குண்டு இன்னும் நெஞ்சு உயரத்தில் இருக்கும்போதே அவர் குனிய ஆரம்பித்திருந்தார். குனியக் கற்றுக்கொண்டவர்கள் அடுத்துச் செய்வது பெரும்பாலும் இதுதான். சீக்கிரம் குனிந்தால் குண்டு உடம்பை விட்டு விலகி முன்னாலேயே விழும், உடம்பெடை கால்விரலுக்குப் போகும், குண்டு மறுபடி முழங்காலுக்குக் கீழே போய்விடும். ஸ்குவாட் செய்த அதே விளைவு, வேறு வழியில். மருந்து, காத்திருப்பது. குண்டு இறங்கட்டும், நீங்கள் நில்லுங்கள். மேல்கை விலாவைத் தொட்ட பிறகு, குண்டு கவட்டில் இடித்துவிடும் என்று தோன்றும் கடைசி நொடியில் பின்பக்கத்தைப் பின்னால் தள்ளுங்கள். முன்கை தொடையின் உட்பக்கம் உயரத்தில் உரசினால் நேரம் சரியாக விழுந்திருக்கிறது. முதல் சில தடவை பயமாகத்தான் இருக்கும். என் கணிப்பில் முதுகைக் காப்பதில் இந்த ஒரு நொடிக்குத்தான் முதலிடம். எடை குறைப்பதெல்லாம் அப்புறம். எடை ரொம்பக் குறைந்தால் கையால் தூக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு.

வீவக வீட்டுக்குள் செய்பவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவாரே என்ற பயத்தில், கடைசி வீச்சு முடிந்ததும் குண்டைப் பூப்போல வைக்கப் பார்ப்போம். களைத்த நேரம், வயிறு இளகியிருக்கும், கால் நேராக, முதுகு வில்லாக. வீச்செல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு இந்த இடத்தில் முதுகு பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. கெட்டியான ரப்பர் பாய் ஒன்று வாங்கிப் போடுங்கள். கடைசி முறை குண்டு பின்னால் போய்த் திரும்பும்போது வீசாமல், குனிந்த நிலையிலேயே முன்னால் பாயில் இறக்கிவிடுங்கள். அது உட்கார்ந்த பிறகு நிமிருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் கை வழுக்கும் என்பதால் பக்கத்தில் ஒரு துண்டும் இருக்கட்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் சிலருக்கு ஸ்விங் ஒத்துக்கொள்ளாது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் 2012இல் வெளியிட்ட ஆய்வில் 16 கிலோ ஸ்விங்கை அளந்து பார்த்தார். சாதாரணமாகப் பாரம் தூக்கும்போது கீழ்முதுகு எலும்பு எந்தப் பக்கம் நழுவப் பார்க்குமோ, ஸ்விங்கில் அதற்கு நேரெதிர்ப் பக்கம் விசை விழுகிறது. அதனால்தான் சிலருக்கு இது முதுகைத் தேற்றுகிறது, ஒரு சிலருக்கு உறுத்துகிறது என்பது அவர் தந்த விளக்கம். ஆகவே பாரம் நன்றாகத் தூக்குபவர் என்பதற்காக ஸ்விங்கும் ஒத்துவரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மறுநாள் பிட்டமும் பின்தொடையும் வலித்தால் கவலை இல்லை. கீழ்முதுகில் குத்தினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு வீடியோவைப் பாருங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப்போனாலோ வீடியோ வேண்டாம், பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். மச்சான் இப்போது அதே 16 கிலோவில் பத்து பத்தாகச் செய்கிறார். வகுப்பில் ஸ்குவாட் முடிந்ததும் அரை நிமிடம் சும்மா நின்றுவிட்டுத்தான் ஸ்விங்கைத் தொடுகிறார், பயிற்றுநர் முறைத்தாலும்.