காதுக்கு முன்னால் கண்: புதைபடிவ அறைக்கு ஆடியோ கைடு எழுதுகிறவர்கள் செய்யும் தவறுகள்

சமீபத்தில் மூன்று ஸ்கிரிப்டுகள் திருத்தத்துக்கு என்னிடம் வந்தன. மூன்றும் அறிவியல் அருங்காட்சியகத்தின் புதைபடிவ அறைக்காக எழுதப்பட்டவை. எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பெரியவர் துணையில்லாமல் சுற்றிவரும்போது கேட்க வேண்டியவை. எழுதியவர்கள் மூவரும் கெட்டிக்காரர்கள்தான். ஆனாலும் என் முதல் ஸ்கிரிப்டில் நான் செய்த அதே தவறுகளை வரி பிசகாமல் செய்திருந்தார்கள். வாக்கியம் நீளம், சொல் கடினம் போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாலே அவை தெரிந்துவிடும். படித்தாலும் தெரியாத தவறுகள்தான் எனக்குக் கவலை.

"குழந்தைகளே!"

ஹெட்போனுக்குள் ஒரே ஒரு பிள்ளைதான் இருக்கிறது. "நீ" என்று கூப்பிடுங்கள்.

கண் சேருவதற்கு முன்பே கதையை ஆரம்பிப்பது

இதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. முதலில் செய்தவன் நான் என்பதால் கோபம் கொஞ்சம் கூடுதல்.

என் முதல் ஸ்கிரிப்டில் அம்மோனைட்டுக்கான பகுதி கிட்டத்தட்ட இரண்டு நிமிடம். "டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் கடல்களில் ஓர் அற்புத உயிரினம் நீந்திக்கொண்டிருந்தது. அது இன்றைய கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவு" என்று தொடங்கும். எழுதியபோது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒலிப்பதிவு முடிந்து அறையில் ஓட விட்டார்கள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தேன்.

ஒன்பது வயதிருக்கும் ஒரு பையன் வந்து எண்ணை அழுத்தினான். குரல் தொடங்கியது. அவன் கண் அம்மோனைட்டில் விழவே இல்லை. பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சுறாப் பல் இருந்தது. பளபளவென்று முக்கோணமாக இருக்கும் அதை விட்டுவிட்டு, சாம்பல் நிறச் சுருள் கல்லை எந்தப் பிள்ளை பார்க்கும்? இரண்டு நிமிடமும் பல்லையே பார்த்துக்கொண்டு அம்மோனைட்டின் கதையைக் கேட்டு முடித்தான். வாசலில் காத்திருந்த அம்மாவிடம் போய், "அம்மா, கணவாய்க்கு எவ்ளோ பெரிய பல்லு தெரியுமா!" என்றான்.

அந்தப் பையன் மீது தவறே இல்லை. காது ஒன்றைக் கேட்கும்போது கண் எதில் நிற்கிறதோ, அதோடுதான் செய்தி ஒட்டிக்கொள்ளும். ஆசிரியரோ பெற்றோரோ கூட இருந்தால் "அதில்லடா, இது" என்று விரலை நீட்டிவிடுவார்கள். தனியாக நடக்கும் பிள்ளைக்கு அந்த விரலும் ஸ்கிரிப்டுதான். நான் விரலை நீட்டாமலே கதைக்குப் போய்விட்டேன்.

இதைத் திருத்த ஒரு பத்தியை மாற்றினால் போதும் என்று நினைத்தேன். பதினான்கு நிறுத்தங்களையும் அப்படியேதான் எழுதியிருக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. குரல் கொடுத்தவரை மறுபடி அழைத்து அத்தனையையும் புதிதாகப் பதிவுசெய்ய வேண்டியதாயிற்று. அந்தச் செலவுக்கு ஒப்புதல் வாங்க நான் நின்ற நிலை இருக்கிறதே, அதை எழுத வேண்டாம்.

சரி, எப்படி எழுதியிருக்க வேண்டும்? அதே அம்மோனைட் நிறுத்தத்தை இப்போது இப்படி எழுதுவேன்:

"உன் நெஞ்சு உயரத்தில் ஒரு கல் இருக்கிறது. சுருட்டி வைத்த கயிறு மாதிரி இருக்கும். கண்டுபிடி. *(5 விநாடி மௌனம்)* கிடைத்ததா? அது நடுவில் இரண்டாக அறுத்த கல். சுருளின் வெளி வாயிலிருந்து உள்ளே நடு வரைக்கும், காற்றில் விரலால் கோடு போட்டுக்கொண்டே போ. *(6 விநாடி மௌனம்)* வழியில் ஏதாவது குறுக்கே வந்ததா? *(4 விநாடி மௌனம்)* வந்திருக்கும். சின்னச் சின்னச் சுவர்கள். நத்தை ஓட்டை அறுத்துப் பார்த்தால் இப்படி வரிசையாகச் சுவர் இருக்காது. அப்படியென்றால் இது நத்தை இல்லை."

இவ்வளவு நேரமும் காலம், பெயர், உறவுமுறை எதையும் சொல்லவில்லை. பிள்ளை தானே பார்த்ததை வைத்தே "நத்தை இல்லை" என்ற முடிவுக்கு வருகிறது. அந்தக் கல்லைப் பார்க்கும் பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேர் மனதுக்குள் "நத்தை" என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். அதை முதலிலேயே எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அறிவியல் தானாக உள்ளே போகும்: "அந்த விலங்கு கடைசி அறையில், அதாவது வாசல் அறையில் மட்டும்தான் வாழ்ந்தது. வளர வளர முன்னால் நகரும், பின்னால் ஒரு சுவர் எழுப்பிவிடும். காலியான பழைய அறைகளில் வாயு இருந்ததால் ஓட்டின் பாரம் அதைக் கீழே இழுக்கவில்லை, நீரில் மிதக்க முடிந்தது. இதன் பெயர் அம்மோனைட்." பெயரைக் கடைசியில் வைத்திருப்பதைப் பாருங்கள். பார்த்துப் பழகிய பிறகு சொன்னால் பெயர் நிற்கும்.

முதல் வாக்கியத்தில் "உன் இடதுபக்கம்" என்று எழுதாதீர்கள். பிள்ளை எந்தப் பக்கமிருந்து வந்து நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. நிறத்தையும் நம்பாதீர்கள், விளக்கை மாற்றினால் பழுப்பு சாம்பலாகிவிடும். உயரம், அளவு, வடிவம் இந்த மூன்றும் ஏமாற்றாது. அந்த உயரமும் பிள்ளையின் உயரம். நான் அளவு நாடாவோடு போய் முட்டி போட்டு எழுதுகிறேன். "விரலால் கண்ணாடியில் கோடு போடு" என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். கண்ணாடி துடைக்கும் அம்மா என்னைத் தேடி வந்த பிறகுதான் அது "காற்றில்" என்று மாறியது.

சோதிப்பது எளிது. ஒரு பிள்ளையை அறையின் நடுவில் நிறுத்துங்கள். எண்ணைச் சொல்லாமல், நிறுத்தத்தின் முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் படித்துக் காட்டுங்கள். இருபது விநாடிக்குள் சரியான பெட்டிக்குப் போய்விட்டால் அந்தத் தொடக்கம் தேறியது. வேறு பெட்டிக்குப் போனால் எந்தச் சொல் அங்கே அனுப்பியது என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள், தயங்காமல் சொல்லும்.

புகைப்படத்தைப் பார்த்து எழுதுவது

மேலே சொன்னது அறுத்த அம்மோனைட்டுக்கு. அறுக்காத முழுக் கல்லுக்கு அதே ஸ்கிரிப்டைப் போட்டால் பொய்யாகிவிடும். முழு ஓட்டின் மேல் விலா எலும்பு மாதிரி ஓடுகிற மேடுகள் அறைச் சுவர்கள் இல்லை, ஓட்டின் வெளி அலங்காரம். சுவர் ஓட்டைத் தொடும் கோடு வேறு. வெளி ஓடு தேய்ந்துபோன இடத்தில்தான் அது தெரியும், இலை விளிம்பு மாதிரி நெளிநெளியாக இருக்கும். அனுப்பிய படத்தில் வரிசையாக மேடுகளைப் பார்த்துவிட்டு "இவைதான் அறைகள், எண்ணிப் பார்" என்று நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். காப்பாளர் ஒருவர் பதிவுக்கு முந்தைய நாள் பிடித்தார். இல்லாவிட்டால் வருடக்கணக்கில் பிள்ளைகள் தப்பாக எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

அதே கையோடு இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: இது அசலா, வார்ப்பா? பல அருங்காட்சியகங்களில் நிற்கும் டைனோசர் எலும்புக்கூடு முழுதாகவோ பாதியோ வார்ப்புதான். அதைப் பிள்ளையிடம் சொல்வதில் கூச்சம் வேண்டாம். "இந்த எலும்புகளில் எது அசல், எது அச்சில் வார்த்தது என்று கண்டுபிடி" என்றால் அங்கிருந்து நகரவே மாட்டார்கள்.

"எலும்பு கல்லாக மாறியது"

மந்திரம் போட்ட மாதிரி இருக்கிறது. எலும்பில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் உண்டு, மண்ணுக்குள் ஊறும் நீர் அவற்றில் புகுந்து தன்னிடம் கரைந்திருந்த கனிமத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே விட்டுப்போகிறது என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லலாம். எல்லாப் புதைபடிவமும் இப்படி உருவானதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். சில இடத்தில் ஓடு முழுக்கக் கரைந்து அச்சு மட்டும் மிஞ்சும். கால்தடத்தில் உடம்பே கிடையாது.

"அடுத்து நாம் பார்க்கப்போவது..."

பிள்ளை உங்கள் வரிசையில் நடக்காது.

கோடிகளை அள்ளி வீசுவது

6 கோடியே 60 லட்சம் ஆண்டு என்பது ஒன்பது வயதுக்கு வெறும் "ரொம்ப". ஒரு விநாடிக்கு ஓர் ஆண்டு என்று பின்னோக்கி எண்ணச் சொல்லுங்கள். பிள்ளையின் வயது பத்தே விநாடியில் முடிந்துவிடும். பறவைகள் நீங்கலாக டைனோசர்கள் அழிந்த இடத்தைத் தொட, தூங்காமல் சாப்பிடாமல் இரண்டு வருடமும் ஒரு மாதமும் எண்ண வேண்டும். இந்த ஒப்பீட்டை அறையில் ஒரே ஒரு நிறுத்தத்தில் வையுங்கள். வந்த ஸ்கிரிப்டுகளில் ஒன்றில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கோடிக் கணக்கு இருந்தது. எனக்கே தலை சுற்றியது.

"உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. அதற்காகத்தான் வந்திருக்கிறது.

பின்னணி இசை

வேண்டாம். உறுமலும் வேண்டாம்.

மௌனத்தை எழுதாமல் விடுவது

கேள்வி கேட்டுவிட்டு அடுத்த மூச்சில் பதிலைச் சொல்லும் ஸ்கிரிப்டைப் பிள்ளைகள் இரண்டாவது நிறுத்தத்திலேயே கண்டுகொள்வார்கள். அப்புறம் யோசிக்கவே மாட்டார்கள். ஐந்து விநாடி மௌனம் ஸ்டுடியோவில் உட்கார்ந்து கேட்டால் யுகமாக இருக்கும். அதனால் எடிட்டர் அதை வெட்டிவிடுவார். அவர் வேலை அது. ஸ்கிரிப்டில் எண் போட்டு எழுதியிருந்தால் மட்டுமே தப்பிக்கும்.

புதைபடிவச் சாணத்துக்கு நான் எழுதிய நிறுத்தத்தில் அப்படி ஒரு மௌனம் போனது. இங்கிலாந்தில் லைம் ரீஜிஸ் கடற்கரையில் புதைபடிவம் தேடிய மேரி ஆனிங், இக்தியோசர் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவின் எலும்புக்கூடுகளில் வயிற்றுப் பகுதியில் அடிக்கடி சில உருண்டைக் கற்களைக் கண்டார். உடைத்துப் பார்த்தால் உள்ளே மீன் எலும்பும் செதிலும். பிறகு நிலவியலாளர் வில்லியம் பக்லண்ட் 1829-இல் அவற்றுக்குக் கொப்ரோலைட் என்று பெயர் வைத்தார். "வயிற்றுக்குள்ளே, மீன் எலும்போடு, உருண்டையாக. அது என்னவாக இருக்கும்?" என்று கேட்டு ஆறு விநாடி விட்டிருந்தேன். பதிவில் அது அரை விநாடி ஆகிவிட்டது. பிள்ளைகள் விடையைக் கேட்டுவிட்டுச் சும்மா நகர்ந்துபோனார்கள். சண்டை போட்டு ஆறு விநாடியைத் திரும்ப வைத்த பிறகு மறுபடி தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். மூன்றாவது விநாடியில் ஒரு சிறுமி கண்ணாடியை விட்டு ஓரடி பின்வாங்கினாள். நான்காவதில் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். குரல் இன்னும் விடையைச் சொல்லியிருக்கவில்லை.