செத்தது பாம்புதான்: சொற்களை இடம் மாற்றும்போது நேரும் தவறுகள்

‘கீரி பாம்பைக் கொன்றது’ என்றாலும், ‘பாம்பைக் கீரி கொன்றது’ என்றாலும், ‘கொன்றது கீரி, பாம்பை’ என்றாலும் செத்தது பாம்புதான். இந்த மூன்று சொற்களை ஆறு விதமாக அடுக்கலாம். சில அடுக்குகள் பேச்சிலும் செய்யுளிலும் மட்டுமே பொருந்தும். ஆனால் எந்த அடுக்கிலும் கொன்றது யார் என்பது மாறாது. பாம்பு எங்கே போனாலும் ‘ஐ’ உருபைக் கூடவே கொண்டு போகிறது. கீரிக்கு உருபு இல்லை, அதனால் அது எழுவாய்.

முதல் தவறு, இந்தச் சுதந்திரம் தமிழுக்குத் தானாகவே வந்தது என்று நினைப்பது. உருபை எடுத்துவிட்டு ‘கீரி பாம்பு கொன்றது’ என்று எழுதிப் பாருங்கள். எது எதைக் கொன்றது? வினைமுற்றும் கைகொடுக்காது, இரண்டுமே அஃறிணை ஒருமை. ‘கண்ணன்’, ‘மாலா’ போல ஆணும் பெண்ணுமாக இருந்தால் ‘அழைத்தான்’, ‘அழைத்தாள்’ என்ற விகுதியை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். அதற்கு மேல் விகுதியை நம்ப முடியாது.

ஆனால் உருபே இல்லாமலும் எழுதுகிறோமே? ஆமாம், ‘கண்ணன் தண்ணீர் குடித்தான்’ என்பதுதான் இயல்பு. உயிரில்லாத, குறிப்பிட்டு இன்னதென்று சொல்லாத பொருளுக்கு ‘ஐ’ தேவையில்லை. அதற்கு விலையாக, அந்தச் சொல் வினையை ஒட்டியே நிற்க வேண்டியிருக்கிறது. ‘தண்ணீர் கண்ணன் குடித்தான்’ என்பது பேச்சில் அழுத்தம் கொடுத்துச் சொன்னால் செல்லும், எழுத்தில் இடறும். முன்னால் கொண்டுவர வேண்டுமானால் ‘தண்ணீரைக் கண்ணன் குடித்தான்’ என்று எழுத வேண்டும். அப்போது அது ஏதோ தண்ணீர் இல்லை, ஏற்கெனவே பேச்சில் வந்த அந்தத் தண்ணீர் என்று ஆகிவிடும். மனிதர்களைச் சொல்லும்போது இந்தச் சலுகையே கிடையாது.

உருபைத் தொலைப்பதில் முன்னணியில் இருப்பவை தலைப்புச் செய்திகள். ‘போலீஸ் தாக்கிய இளைஞர் மருத்துவமனையில்’ என்றால் அடி வாங்கியவர் இளைஞர். ‘போலீஸ் தாக்கிய இளைஞர் கைது’ என்றால்? அடித்தவரும் அவராக இருக்கலாம், அடிபட்டவரும் அவராக இருக்கலாம். இடத்தை மிச்சம் பிடிக்க ‘போலீஸாரைத்’ என்பதை ‘போலீஸ்’ ஆக்கியதால் வந்த வினை இது. இந்தக் குழப்பம் புதிதும் இல்லை. தொல்காப்பியத்தின் வேற்றுமை மயங்கியல் இதைத் ‘தடுமாறு தொழிற்பெயர்’ என்று பேசுகிறது. உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு ‘புலிகொல் யானை’. அது புலியைக் கொன்ற யானையாகவும் இருக்கலாம், புலியால் கொல்லப்பட்ட யானையாகவும் இருக்கலாம். செய்யுளில் முன்பின் வரிகள் தெளிவாக்கும். தலைப்பில் அந்த வசதி இல்லை.

அடுத்தது, எந்தச் சொல்லையும் தனியாகப் பிடுங்கி நகர்த்தலாம் என்ற நினைப்பு. நகர்வது சொல் இல்லை, தொடர். ‘சென்னையிலிருந்து வந்த மாணவியை ஆசிரியர் பாராட்டினார்’ என்பதில் ‘மாணவியை’ மட்டும் முன்னால் இழுத்தால், ‘மாணவியைச் சென்னையிலிருந்து வந்த ஆசிரியர் பாராட்டினார்’ என்றாகும். பாராட்டியவர் மாறவில்லை, பயணம் செய்தவர் மாறிவிட்டார்! ‘வந்த’ என்ற பெயரெச்சம் தனக்குப் பின்னால் வரும் பெயரைப் பிடித்துக்கொள்ளும். எனவே ‘சென்னையிலிருந்து வந்த மாணவியை’ என்பதை முழுசாகத்தான் நகர்த்த வேண்டும்.

ஒரே வாக்கியத்தில் இரண்டு ‘ஐ’ வந்தாலும் கவனம் தேவை. ‘தலைமையாசிரியர் வாத்தியாரை மாணவியைப் பார்க்கச் சொன்னார்’ என்பதில் பார்க்கப் போகிறவர் வாத்தியார். இரண்டையும் இடம் மாற்றி ‘மாணவியை வாத்தியாரைப் பார்க்கச் சொன்னார்’ என்றால், போக வேண்டியவள் மாணவி. இரண்டுக்கும் ஒரே அடையாளம் என்பதால், இங்கே வரிசைதான் ஆளைக் காட்டுகிறது. ‘வாத்தியாரிடம்’ என்று உருபை மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. ‘மாணவியைப் பார்க்கும்படி வாத்தியாரிடம் சொன்னார்’ என்றாலும், ‘வாத்தியாரிடம் மாணவியைப் பார்க்கும்படி சொன்னார்’ என்றாலும் பொருள் ஒன்றே.

சரி, உருபு ஒழுங்காக இருந்தால் வரிசை எப்படி இருந்தாலும் பரவாயில்லையா? அதுவும் தவறு. யார், யாரை என்பதுதான் மாறாது, அழுத்தம் மாறும். ‘கடிதத்தை யார் எழுதினார்?’ என்று கேட்டால், ‘கடிதத்தை மாலா எழுதினாள்’ என்பது பொருத்தமான பதில். வினைக்கு முந்தின இடத்தில்தான் புதுச் செய்தி வழக்கமாக உட்காரும். ‘மாலா கடிதத்தை எழுதினாள்’ என்பது ‘மாலா எதை எழுதினாள்?’ என்ற கேள்விக்குப் பதில் போல ஒலிக்கும்.

கடைசியாக, நகர்த்தி முடித்ததும் ஒற்றெழுத்தைச் சரிபாருங்கள். ‘பாம்பைக் கொன்றது’ என்பதில் உள்ள ‘க்’, அடுத்து வரும் சொல்லுக்காக வந்தது. ‘பாம்பை நேற்று கீரி கொன்றது’ என்று மாற்றினால் அந்த ‘க்’ போய்விட வேண்டும். அவசரத்தில் வெட்டி ஒட்டும்போது ‘பாம்பைக் நேற்று’ என்று அது தங்கிவிடுவது சகஜம்.